அறுந்து அறுந்து வரும் இணையத்தில் பள்ளி வருகைப் பதிவுகளைச் சிந்தாமல் சேர்ப்பது எப்படி?

கேள்வி: ஐயா, வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டப் பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியில் கணினி வேலைகளைக் கவனித்துக்கொள்கிறேன். வாசலில் ஒன்று, சிற்றுண்டிச்சாலை அருகில் ஒன்று என இரண்டு கைரேகைக் கருவிகள் இருக்கின்றன. அலுவலகக் கணினி 10 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டிலிருந்தும் பதிவுகளை எடுத்து, ஈப்போவில் உள்ள மைய சர்வருக்கு அனுப்புகிறது. கடைசியாக வந்த பதிவின் நேரத்துக்குப் பிந்தியவற்றை மட்டும் எடுக்கும்படி புரோகிராம் எழுதியிருக்கிறோம். மழைக்காலத்தில் இணையம் அடிக்கடி அறுந்துபோகிறது. சில நாள்களில் ஒரே மாணவரின் வருகை இரண்டு முறை விழுகிறது; சில நாள்களில் ஒன்றாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் பதிவே காணவில்லை. வேகமான இணைப்புக்கு மாறினால் சரியாகிவிடுமா?

பதில்: வணக்கம். ஆகாது. அந்தப் பணத்தை இப்போதைக்குச் செலவிடாதீர்கள். ஒரு வருகைப் பதிவு என்பது கருவியின் எண், மாணவர் எண், தேதி, நேரம், இன்னும் ஓரிரு குறியீடுகள் மட்டுமே. எழுத்தாக அனுப்பினால் ஏறத்தாழ 50 பைட். மாணவர் 160 பேரும் ஆசிரியர், பணியாளர் 18 பேரும் காலையில் ஒரு முறை, வீடு திரும்பும்போது ஒரு முறை விரல் வைத்தால் நாளொன்றுக்கு 356 பதிவுகள், அதாவது சுமார் 18 கிலோபைட். கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தின் நூறில் ஒரு பங்குகூட இல்லாத இந்தச் சுமையை மிக மெதுவான இணைப்பும் சில நொடிகளில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இணைப்பு எவ்வளவு வேகமானாலும், ஒரு பதிவு போய்ச் சேர்ந்துவிட்டது என்று யார், எந்தக் கணத்தில், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பது உங்கள் அமைப்பில் தெளிவாக இல்லாதவரை, ஒவ்வொரு அறுப்பிலும் ஏதாவது சிந்தத்தான் செய்யும்.

நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் காரணங்கள் வெவ்வேறு. காணாமல் போவதை முதலில் பார்ப்போம். தற்செயலாகச் சிந்தும் பதிவுகள் எல்லா வகுப்புகளிலும் பரவிக் கிடந்திருக்கும். உங்கள் பள்ளியிலோ கீழ் வகுப்புகள் இரண்டு மட்டுமே விடுபடுகின்றன. அந்தப் பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலைக் கருவியைப் பயன்படுத்துகிறார்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் நடப்பது இதுதான்: இடி மின்னலில் அந்தக் கட்டடத்தின் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. கருவி தன் பேட்டரியில் தொடர்ந்து ஓடிப் பதிவுகளை உள்ளே சேர்த்துவைக்கிறது. ஆனால் அதை அலுவலகத்தோடு இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சு அணைந்துவிடுகிறது. காலை 7.30க்கு அலுவலகக் கணினி எட்டிப் பார்க்கும்போது வாசல் கருவி மட்டுமே பதில் தருகிறது. அதன் கடைசிப் பதிவு 7.26 என்று வைத்துக்கொள்ளுங்கள். "கடைசியாக வந்த நேரம் 7.26" என்று புரோகிராம் குறித்துக்கொள்கிறது. 8.15க்கு யாரோ சுவிட்சைப் போடுகிறார்கள், சிற்றுண்டிச்சாலைக் கருவி திரும்பக் கிடைக்கிறது, அதில் 7.05 முதல் 7.24 வரை விரல் வைத்த சின்னப் பிள்ளைகளின் பதிவுகள் அனைத்தும் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அவை எல்லாம் 7.26க்கு முந்தியவை. புரோகிராம் அவற்றைப் பழையவை என்று ஒதுக்கிவிடுகிறது. அந்த நாளில் மட்டுமன்று, இனி எப்போதுமே எடுக்காது.

இந்தக் கடைசி நேரக் குறியைக் கருவிக்கு ஒன்று என்று பிரித்து வைத்தால் இந்த ஒரு வழி அடைபடும். ஆயினும் நேரத்தைக் குறியாக வைப்பதையே விட்டுவிடும்படி சொல்வேன். கருவியின் கடிகாரம் ஒரு முறை முன்னே ஓடி, பிறகு யாரேனும் அதைத் திருத்தினால், இடைப்பட்ட பதிவுகள் அதே போல மறைந்துவிடும். விரல் வைத்த நேரம் பிள்ளையின் வருகையைப் பற்றிய தகவல். அனுப்பும் வரிசையைக் காக்கும் வேலையை அதன்மேல் ஏற்றக்கூடாது. அந்த வேலைக்குப் பதிவு உங்கள் கணினிக்கு வந்து சேர்ந்த வரிசை எண் இருக்கிறது.

இரட்டைப் பதிவின் காரணம் வேறு. அலுவலகக் கணினி 200 பதிவுகளை அனுப்புகிறது. சர்வர் அவற்றை வாங்கி எழுதிக்கொள்கிறது. "பெற்றுக்கொண்டேன்" என்ற பதில் திரும்பி வரும் வழியில் இணைப்பு அறுந்துவிடுகிறது. அனுப்பியவருக்கு இரண்டில் எது நடந்தது என்று தெரிய வழியே இல்லை: பதிவுகள் போகவே இல்லையா, போய்ச் சேர்ந்து பதில் மட்டும் தொலைந்ததா? திரும்ப அனுப்பினால் இரட்டிக்கலாம், அனுப்பாவிட்டால் இழக்கலாம். அனுப்புகிற பக்கத்தில் எத்தனை நுணுக்கமாக எழுதினாலும் இந்த ஐயத்தை நீக்க முடியாது. ஆகவே திரும்ப அனுப்புவதை எந்தத் தயக்கமும் இல்லாமல் செய்யலாம் என்ற நிலையைப் பெறுகிற பக்கத்தில் ஏற்படுத்த வேண்டும். ஒரே பதிவு பத்து முறை வந்தாலும் சர்வரில் ஒரு முறைதான் நிற்க வேண்டும். அதற்குத் தேவையானது இவ்வளவுதான்:

```sql
CREATE UNIQUE INDEX att_once
  ON attendance (device_sn, pin, punch_time);

INSERT INTO attendance
  (device_sn, pin, punch_time, received_at)
VALUES (?, ?, ?, ?)
ON CONFLICT (device_sn, pin, punch_time) DO NOTHING;
```

கருவியின் எண், மாணவர் எண், விரல் வைத்த நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு பதிவின் அடையாளம்; ஒரே அடையாளம் இரண்டு முறை சேரக்கூடாது என்பதே தனித்தன்மை விதி. ஒரே கருவியில் ஒரே பிள்ளை ஒரே நொடியில் இரண்டு முறை பதிவாவதில்லை என்பதால் இந்த அடையாளம் போதும். இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. `punch_time` என்பதில் கருவி கொடுத்த நேரத்தை ஓர் எழுத்துகூட மாற்றாமல் வையுங்கள். கடிகாரம் நான்கு நிமிடம் பிந்தி ஓடுகிறது என்று தெரிந்து அதைத் திருத்தி எழுதிவிட்டால், அதே பதிவு மறுபடி வரும்போது திருத்தாத நேரத்தோடு வரும். சர்வருக்கு அது புதிய பதிவாகத் தெரியும். நீங்கள் ஒழித்த இரட்டிப்பு திரும்ப வந்துவிடும். திருத்திய நேரத்துக்கு அட்டவணையில் தனி நெடுவரிசை வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கைகளை அதிலிருந்து எடுங்கள்.

இப்போது பள்ளியின் பக்கம். அலுவலகக் கணினியை இந்த வேலையிலிருந்து விடுவித்துவிடுங்கள். மாலையில் அதை அணைத்துவிட்டுத்தான் போவார்கள், போகவும் வேண்டும். ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு சிறு கணினியை, இரு கருவிகளும் வந்து சேரும் சுவிட்சுக்கு அருகிலேயே, ஒரு சின்ன யூபிஎஸ்ஸோடு வையுங்கள். அதே யூபிஎஸ்ஸிலிருந்து சுவிட்சுக்கும் மின்சாரம் கொடுங்கள்; சிற்றுண்டிச்சாலைப் பக்கம் தனி சுவிட்சு இருந்தால் அங்கும் ஒன்று வேண்டும். அந்தச் சிறு கணினிக்கு இரண்டு தனித்தனி வேலைகள். முதலாவது, கருவிகளிலிருந்து பதிவுகளை எடுத்துத் தன்னிடம் உள்ள எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் எழுதுவது. இரண்டாவது, அதில் இருப்பவற்றை ஈப்போவுக்கு அனுப்புவது. இணையம் இல்லாதபோது இரண்டாவது நிற்கும், முதலாவது நிற்கக்கூடாது. இரண்டையும் ஒரே புரோகிராமில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதினால், அனுப்பும் பகுதி பதிலுக்காகக் காத்துக் கிடக்கும் நேரத்தில் எடுக்கும் பகுதியும் சேர்ந்து நின்றுவிடும்.

எடுக்கும்போது கருவியில் உள்ள பதிவுகள் முழுவதையும் எடுத்து, மேலே சொன்ன அதே தனித்தன்மை விதியோடு எழுதுங்கள். ஏற்கெனவே இருப்பவை ஒதுங்கிக்கொள்ளும். இல்லாதவை மட்டும் சேரும். பள்ளிக்குள்ளேயே ஓடும் கம்பியில் இது ஒரு சுமையன்று. புதிதாகச் சேரும் ஒவ்வொரு பதிவுக்கும் தரவுத்தளமே 1, 2, 3 என்று வரிசை எண் கொடுக்கும். சிற்றுண்டிச்சாலைக் கருவி ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் சரி, மறுநாள் வந்தாலும் சரி, அதன் பதிவுகள் அடுத்த எண்களைப் பெற்று வரிசையில் நிற்கும்; யாரும் விடுபட மாட்டார்கள்.

உங்கள் கருவி பதிவுகளைத் தானே அனுப்பும் வகையாக, அதாவது `/iclock/cdata` என்ற முகவரிக்கு அனுப்புவதாக இருந்தால், அதன் அமைப்பில் ஈப்போ சர்வரின் முகவரிக்குப் பதிலாக இந்தச் சிறு கணினியின் முகவரியைக் கொடுக்கலாம். அந்த வகையில் கருவி, `OK` என்ற பதில் கிடைத்ததும் அந்தப் பதிவுகளை அனுப்பி முடித்ததாகக் கருதிவிடும். தானாக மறுபடி அனுப்பாது. எனவே பதிவுகள் வட்டில் உண்மையாக எழுதப்பட்ட பிறகே `OK` சொல்ல வேண்டும். வந்ததும் நினைவகத்தில் வாங்கிவைத்து, உடனே `OK` சொல்லி, பிறகு ஆற அமர எழுதும் புரோகிராம்களைப் பார்த்திருக்கிறேன். இடைப்பட்ட அந்த ஓரிரு நொடியில் மின்சாரம் போனால், கருவியும் அனுப்பாது, கணினியிலும் இருக்காது. இதே காரணத்தால் எஸ்கியூலைட்டில் இந்த இரண்டு வரிகளும் முக்கியம்:

```sql
PRAGMA journal_mode = WAL;
PRAGMA synchronous = FULL;
```

இரண்டாவது வரியில் `NORMAL` என்று வைத்தால் வேகம் கூடும், தரவுத்தளம் சேதமடையாது, ஆனால் மின்சாரம் திடீரென்று போகும்போது கடைசியாக எழுதியவை காணாமல் போகலாம். மின்னல் அடிக்கும் ஊரில் அந்த வேகம் நமக்கு வேண்டாம்.

அனுப்பும் பகுதி, இன்னும் உறுதி கிடைக்காத பதிவுகளை வரிசை எண்ணின்படி 200 வீதம் அனுப்பட்டும். சர்வர் அவற்றை ஒரே பரிவர்த்தனையாக எழுதி முடித்த பிறகு, எத்தனை புதியவை, எத்தனை ஏற்கெனவே இருந்தவை என்று பதில் தரட்டும். அந்தப் பதில் கைக்கு வந்த பின்பே அவற்றை அனுப்பியாயிற்று என்று குறிக்க வேண்டும். 20 நொடிக்குள் பதில் வராவிட்டால் தோல்வி என்று கொள்ளுங்கள். முதல் தோல்விக்குப் பின் 30 நொடி, அடுத்து 1 நிமிடம், 2 நிமிடம் என்று இரட்டித்துக்கொண்டே போய் 15 நிமிடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொன்றிலும் சில நொடிகளை முன்பின்னாக மாற்றிவிடுங்கள். வட்டாரம் முழுவதும் இணையம் ஒரே நேரத்தில் திரும்பும்போது எல்லாப் பள்ளிகளும் ஒரே நொடியில் சர்வரின் கதவைத் தட்டாமலிருக்க அது உதவும். இணைப்பு இருக்கிறதா என்று பிங் அனுப்பிச் சோதிப்பதில் பயனில்லை. பிங் போய்வந்தாலும் பதிவு போகாத வேளைகள் உண்டு. பதிவை அனுப்பிப் பார்ப்பதே சோதனை.

சர்வர் ஏற்க மறுக்கும் ஒரே ஒரு கெட்ட பதிவு, எடுத்துக்காட்டாக பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட மாணவர் எண், தனக்குப் பின்னால் நிற்கும் எல்லாவற்றையும் மறித்துவிடக்கூடும். அப்படிப்பட்டதைத் தனி அட்டவணைக்கு நகர்த்திவிட்டு மேலே செல்லுங்கள், அழித்துவிடாதீர்கள்.

இப்போது ஓர் இணைய முடக்கத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பேராக்கில் அக்டோபர் மாதப் பிற்பகல் மழை எப்படி இருக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை மாலை 3 மணிக்கு இணையம் போய், வியாழக்கிழமை காலை 10 மணிக்குத் திரும்புகிறது என்று கொள்வோம். 178 பேரும் எல்லா நாளும் வந்தார்கள். செவ்வாய்ப் பதிவுகள் முன்பே போய்விட்டன. காத்திருப்பவை புதன்கிழமையின் 356, வியாழன் காலையின் 178, ஆக 534. முதலில் 200 போகிறது. "புதியவை 200" என்று பதில் வருகிறது. அடுத்த 200 போகிறது, சர்வர் எழுதிவிடுகிறது, பதில் வருமுன் இணைப்பு அறுகிறது. சிறு கணினி காத்திருந்து அதே 200ஐத் திரும்ப அனுப்புகிறது. இம்முறை வரும் பதில்: "புதியவை 0, இருந்தவை 200". இது பிழைச் செய்தியன்று. எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். கடைசியாக 134 போகிறது. சர்வரில் சேர்ந்தவை 534. தனித்தன்மை விதி இல்லாத சர்வரில் இதே நிகழ்ச்சி 734 என்று முடிந்திருக்கும்.

கடிகாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கருவிக்குள் கடிகாரத்துக்கென்று இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துபோயிருந்தால், மின்சாரம் போய்வந்ததும் தேதி பழைய ஆண்டொன்றுக்குத் திரும்பிவிடும். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் பிள்ளைகள் வந்ததாகப் பதிவுகள் விழும். சிறு கணினி ஒவ்வொரு பதிவையும் எப்போது பெற்றது என்பதையும் குறித்துவைக்கட்டும். கருவியோடு தொடர்பு அறுபடாத நேரத்தில் விரல் வைத்த நேரத்துக்கும் பெற்ற நேரத்துக்கும் இடையே, நீங்கள் பதிவெடுக்கும் 10 நிமிட இடைவெளியைத் தாண்டி வேறுபாடு இருந்தால், அதை ஐயத்துக்குரியதாகக் குறித்து உங்களுக்குத் தெரிவிக்கட்டும். எதிர்கால நேரத்தோடு வரும் பதிவு எப்போதுமே கடிகாரக் கோளாறுதான். ஆனால் ராஸ்பெர்ரி பை கணினியும் மின்சாரம் போனால் நேரத்தைத் தன்னளவில் காப்பாற்றாது. இணையத்திலிருந்துதான் நேரத்தைப் பெறும். இணையம் இல்லாத காலையில் அது விழித்துக்கொண்டால், கருவியைச் சரிபார்க்க வேண்டியதே தவறான நேரத்தில் இருக்கும். `DS3231` என்ற கடிகாரச் சில்லு உள்ள சிறு பலகையை ஒரு பேட்டரியோடு அதில் பொருத்திவிடுங்கள். விலை சில ரிங்கிட்டுதான்.

இவ்வளவும் செய்த பிறகும், சரியாக நடக்கிறதா என்று எப்படி அறிவது? ஒவ்வோர் இரவும் சிறு கணினி, கருவி வாரியாக, நாள் வாரியாகத் தன்னிடம் எத்தனை பதிவுகள் உள்ளன என்ற எண்ணிக்கையை மட்டும் சர்வருக்கு அனுப்பட்டும். கடந்த 14 நாள்களுக்குச் சேர்த்து அனுப்புவது நல்லது. சர்வர் அதைத் தன் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, வேறுபடும் நாளை மட்டும் முழுமையாகத் திரும்பக் கேட்கட்டும். மாதம் ஒரு முறை கருவியின் திரையிலேயே பதிவு எண்ணிக்கையைப் பார்த்துச் சிறு கணினியோடு ஒப்பிடுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது ஒன்று உண்டு. பதிவு வரவில்லை என்பதும் பிள்ளை வரவில்லை என்பதும் ஒன்றல்ல. உங்கள் சர்வர் காலை 8.30க்குப் பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதாக இருந்தால், தோட்டத்தில் வேலையாக இருக்கும் ஒரு தாய்க்கு "உங்கள் பிள்ளை இன்று வரவில்லை" என்ற செய்தி, சுவிட்சு அணைந்த ஒரே காரணத்துக்காகப் போய்ச் சேரக்கூடாது. அவர் வேலையைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடி வருவார். ஆகையால் ஒவ்வொரு கருவியோடும் கடைசியாகத் தொடர்பு கிடைத்த நேரத்தைச் சிறு கணினி சர்வருக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரம் 8 மணிக்குப் பிந்தியதாக இருந்து, அதற்கு முந்திய பதிவுகள் எல்லாம் சேர்ந்தும் விட்டன என்று உறுதியான பிறகே அந்தக் கருவியைச் சார்ந்த வகுப்புகளுக்கு "வரவில்லை" என்ற முடிவை எடுக்கலாம். அதுவரை திரையில் "தகவல் இல்லை" என்று காட்டட்டும். தலைமையாசிரியர் வகுப்பாசிரியரிடம் கேட்டுக்கொள்வார்.

கருவியில் உள்ள பதிவுகளை எடுத்தவுடன் அழிக்கும் வசதி சில மென்பொருள்களில் இருக்கும். அதை நிறுத்திவையுங்கள். 100,000 பதிவுகள் கொள்ளும் கருவிகள் பரவலாக உள்ளன. உங்கள் கணக்கு இரு கருவிகளுக்கும் சேர்த்தே நாளுக்கு 356 என்பதால், ஒரே கருவியில் அத்தனையும் விழுந்தாலும் 280 பள்ளி நாள்கள் தாங்கும். ஆண்டு இறுதி விடுமுறையில் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு ஒரு முறை அழித்தால் போதும். ஈப்போவுக்கு மாணவர் எண்ணும் நேரமும் மட்டும் போகட்டும்; கைரேகை வார்ப்புகள் பள்ளியைவிட்டு வெளியேற எந்தத் தேவையும் இல்லை.

இதுவரை அழிக்காமல் இருந்தால், காணாமல் போன கீழ் வகுப்புப் பிள்ளைகளின் பதிவுகள் இன்றும் சிற்றுண்டிச்சாலைக் கருவிக்குள் இருக்கின்றன, மீட்டுவிடலாம். முதலில் சர்வரின் அட்டவணையை நகலெடுத்து வைத்துக்கொண்டு, அதில் ஏற்கெனவே உள்ள இரட்டைப் பதிவுகளில் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்குங்கள். அவை இருக்கும்வரை தனித்தன்மை விதியைத் தரவுத்தளம் ஏற்காது. பிறகு விதியைச் சேருங்கள். அதன் பின் கருவியின் முழுப் பதிவையும், கம்பி வழியாகவோ யூஎஸ்பி வழியாகவோ எடுத்து, தொடக்கத்திலிருந்து அப்படியே சர்வருக்கு அனுப்புங்கள். "புதியவை" என்ற எண்ணிக்கையில் எவ்வளவு வருகிறதோ, அத்தனை பதிவுகள் இதுவரை விடுபட்டிருந்தன. அவற்றை நாள் வாரியாகப் பிரித்து, அந்த நாள்களில் வராதவர்கள் என்று தவறாகக் குறிக்கப்பட்ட பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை வகுப்பாசிரியர்களிடம் கொடுத்துவிடுங்கள். அவர்கள் வருகைப் பதிவேட்டைத் திருத்திக்கொள்ளலாம்.